திங்கள்கிழமைக் கணக்குப் பலகை: இரண்டு வாரத்தைக் கழித்தால் தெரியும் பெயர்

அறக்கட்டளைக் கணக்கை வாரம் ஒருமுறை உறுப்பினர்களுக்குக் காட்டுவது இப்போது டெல்டாவில் பல சிறிய அமைப்புகளுக்கும் வழக்கமாகிவிட்டது. கூகுள் ஷீட்டில் ஒரு டேஷ்போர்டு, திங்கள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் அதன் படம். பெயரைப் போடாததால் கொடுத்தவர் யாரென்று வெளியே தெரியாது என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

நீடாமங்கலம் பக்கம் ஆறு ஊர்களுக்குப் பொதுவான ஒரு அறக்கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் ஏப்ரல் முதல் இன்றுவரை வந்த நன்கொடை ஊர்வாரியாக இருக்கிறது. போன திங்கள் ஒரு ஊரின் வரியில் 64,350 ரூபாய். இந்தத் திங்கள் 89,351. கழித்தால் 25,001. நம் ஊரில் மொய்யானாலும் நன்கொடையானாலும் கடைசியில் ஒரு ரூபாய் சேர்த்துத்தான் கொடுப்போம். அதனால் பல பேர் கொடுத்துச் சேர்ந்த தொகை இல்லை, ஒரே கை கொடுத்தது என்பது அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்த வாரம் அந்த ஊரில் யார் வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் இல்லாமலே பெயர் வந்துவிட்டது. கொடுத்தவருக்குப் பாகப் பிரிவினையில் தம்பியோடு வழக்கு இருக்கலாம், கடன் கேட்டு வரும் சொந்தக்காரர்கள் இருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இருந்திருக்கும்.

ஆயிரத்துக்கு ரவுண்டு செய்தால் மறைந்துவிடும் என்று முதலில் தோன்றும். மறையாது. 64 ஆயிரம், 89 ஆயிரம். வித்தியாசம் 25 ஆயிரம். பெரிய தொகையை ரவுண்டு மறைப்பதில்லை, அந்த ஒரு ரூபாய் வாலைத்தான் வெட்டுகிறது. அந்த ஊர் வரியை மட்டும் மறைத்தாலும் பயனில்லை. மற்ற ஐந்து ஊரையும் மொத்தத்திலிருந்து கழித்தால் ஆறாவது தானாக வெளிவரும்.

எங்கள் பரிந்துரை, ஊர்வாரிக் கணக்கை வாரப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. வாரத்துக்கு மொத்த நன்கொடை ஒன்றே போதும். அதையும் ஆயிரத்துக்கு ரவுண்டு செய்து, அந்த வாரம் குறைந்தது ஐந்து பேர் கொடுத்திருந்தால் மட்டும் காட்டுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் அடுத்த வாரத்தோடு சேர்த்துவிடுங்கள். சம்பா அறுவடைப் பணம் கையில் புழங்கும் தை, மாசியில் இந்த விதி தடுக்காது. வரவு மெலியும் ஆடியில்தான் இது வேலை செய்யும். ஐந்து என்பதை ஆட்களாக எண்ண வேண்டும், ரசீதுகளாக அல்ல. ஒருவரே மூன்று முறை யூபிஐயில் அனுப்பினாலும், கணவன் மனைவி தனித்தனியாக அனுப்பினாலும் ஒன்றாகவே எண்ணுங்கள்.

இதையெல்லாம் செய்தபிறகும் ஓர் ஓட்டை இருக்கிறது, பலர் கவனிக்காதது. வங்கி இருப்பு. நம் கற்பனைக் கணக்கில் போன வார இருப்பு 4,12,635, இந்த வாரச் செலவு 97,860, இப்போதைய இருப்பு 3,53,679. மூன்றையும் ரூபாய் சுத்தமாகப் போட்டால், செலவையும் இப்போதைய இருப்பையும் கூட்டிப் பழைய இருப்பைக் கழிப்பவருக்கு நன்கொடை 38,904 என்று கிடைத்துவிடும். 39 ஆயிரம் என்று ரவுண்டு செய்தது வீண். ஆகவே நன்கொடையை ரவுண்டு செய்தால் இருப்பையும் ரவுண்டு செய்ய வேண்டும். நன்கொடையைக் காட்டாமல் தள்ளிவைக்கும் வாரத்தில் இருப்பையும் தள்ளிவைக்க வேண்டும். சுத்தமான இருப்பு தணிக்கை முடிந்த ஆண்டுக் கணக்கில் வரட்டும்.

செலவுப் பக்கம் நேர் எதிர். அங்கே ரவுண்டு செய்தால் சந்தேகம் பிறக்கும். அந்த வாரம் அன்னதானம் 18,460, குளம் தூர்வாரியது 42,450, கல்விக் கட்டணம் 27,480, மருத்துவ உதவி 9,470. ஆயிரத்துக்கு ரவுண்டு செய்தால் 18, 42, 27, 9. கூட்டினால் 96 ஆயிரம். ஆனால் உண்மை மொத்தமான 97,860-ஐ ரவுண்டு செய்தால் 98 ஆயிரம். “ரெண்டாயிரம் எங்கே?” என்று குழுவில் ஒரு கேள்வி வந்துவிட்டால் அதற்கு விளக்கம் சொல்லியே அந்த வாரம் போய்விடும். நான்கு தலைப்பும் கீழ்நோக்கி ரவுண்டானதுதான் காரணம், யாரும் எடுக்கவில்லை. ஜேசிபி வாடகையிலும் அரிசி மூட்டை விலையிலும் யாருடைய அந்தரங்கமும் இல்லை. செலவை ரூபாய் சுத்தமாகவே போடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. மருத்துவ உதவி 9,470 ஒரே நோயாளிக்குப் போயிருந்தால், அந்த வரி அவருடைய ஆஸ்பத்திரி பில்லாகிவிடுகிறது. கல்வியையும் மருத்துவத்தையும் சேர்த்து ‘தனிநபர் உதவி 36,950’ என்று காட்டலாம். கொடுத்தவரைவிட வாங்கியவரைப் பாதுகாப்பது முக்கியம். கொடுத்தவர் விரும்பினால் பெயர் போட அனுமதிப்பார், வாங்கியவருக்கு மறுக்கத் தயக்கமாக இருக்கும்.

இப்போது பலகையில் பழைய இருப்பு 4,13,000, நன்கொடை 39,000, செலவு 97,860, இப்போதைய இருப்பு 3,54,000. கூட்டிக் கழித்தால் 140 ரூபாய் பொருந்தாது. ரவுண்டு செய்த மூன்று எண்களில் ஒவ்வொன்றிலும் 500 வரை விலகல் இருக்கலாம் என்பதால், 1,500 வரை பொருந்தாமல் போகலாம் என்று பலகையின் கீழே எழுதிவிடுங்கள். அடுத்த வாரத்தை 3,54,000-இலிருந்து தொடங்கக் கூடாது. மூலக் கணக்கின் 3,53,679-இலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் விலகல் வாரத்துக்கு வாரம் ஏறும்.

ஷீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு, ரவுண்டு செய்யாமல் எண்ணின் தோற்றத்தை மட்டும் மாற்றுவது. செல்லில் 39 என்று தெரியும். அதன்மேல் சொடுக்கினால் மேலே 38904 என்று நிற்கும். மதிப்பையே மாற்ற வேண்டும்:

```
=IF(D2<5,"அடுத்த வாரம்",MROUND(C2,1000))
```

C2 வெளியிடாமல் சேர்ந்திருக்கும் தொகை, D2 கொடுத்தவர் எண்ணிக்கை. இந்தச் சூத்திரம் மூலக் கோப்பில் இருக்கட்டும். பெயர், பான் எண், முகவரி 80ஜி ரசீதுக்குத் தேவை. அவையும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். அதை உறுப்பினர்களோடு பகிரவே கூடாது. தாளை மறைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. பார்வையாளர் கோப்பை நகலெடுத்தால் மறைத்த தாளைத் திறந்துவிடலாம். வெளியிடுவதற்குத் தனிக் கோப்பு ஒன்று வைத்து, விடைகளை மட்டும் `Ctrl+Shift+V` அழுத்தி ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே ஞாயிறு இரவு, கணக்கு எழுதாத ஒருவரிடம் போன வாரப் படத்தையும் இந்த வாரப் பலகையையும் மட்டும் கொடுத்து, கூட்டியும் கழித்தும் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது ஒருவருடைய தொகை அவருக்குக் கிடைத்துவிட்டால், அந்த எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி கழிக்கச் சொல்லுங்கள்.