பாதித் தூரத்திலேயே பிம்பம் விழுகிறதா? சமதள ஆடி முறையில் குவியத் தொலைவு காண்பவர்களுக்கு

பெட்டியில் 20 செ.மீ. என்று எழுதியிருக்கும் குவிலென்ஸ். பின்னால் சமதள ஆடியை நிறுத்தி அளந்த மாணவரின் குறிப்பேட்டில் 10.2 செ.மீ. என்று இருக்கும். மூன்று முறை எடுத்த அளவீடும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். அளவுகோலைத் தவறாகப் படித்திருப்பார் என்று நினைத்து அடித்துத் திருத்தச் சொல்வது ஆய்வகங்களில் வழக்கம். அளவுகோலை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். அவர் பார்த்த பிம்பம்தான் வேறு.

முறை எளிமையானது. லென்சின் குவியத்தில் இருக்கும் புள்ளியிலிருந்து வரும் ஒளி, லென்சைத் தாண்டியதும் இணைகற்றையாகிவிடும். சமதள ஆடி அதை இணைகற்றையாகவே திருப்பி அனுப்பும். திரும்பும் ஒளியை அதே லென்ஸ் மறுபடி குவியத் தளத்தில் குவிக்கும். ஆகவே பொருளும் பிம்பமும் ஒரே தளத்தில் தெளிவாக அமைந்தால், அந்தத் தளத்துக்கும் லென்சுக்கும் உள்ள தூரம்தான் குவியத் தொலைவு. பொருளின் தூரம் u, பிம்பத்தின் தூரம் v என்று இரண்டு தூரங்களை அளந்து கணக்குப் போட வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: லென்சைச் சரியான இடத்திலிருந்து 1 மி.மீ. நகர்த்தினால், பிம்பம் திரையை விட்டு 2 மி.மீ. விலகும். ஒளி லென்சை இரண்டு முறை கடப்பதால் கிடைக்கும் இந்த இரட்டிப்புதான் முறையின் பலம்.

பொருளுக்கும் திரைக்கும் ஒரே வெள்ளை அட்டைதான். அதில் 1 செ.மீ. அகலத்துக்குத் துளை வெட்டி, அதன் குறுக்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு மெல்லிய கம்பிகளை ஒட்டுங்கள். துளைக்குப் பின்பக்கம் ஒரு துண்டு டிரேசிங் தாள், அதற்கும் பின்னால் விளக்கு. டிரேசிங் தாளை விட்டுவிட்டால் விளக்கின் இழையோ எல்இடி புள்ளியோ தனியாக ஒரு பிம்பத்தை உண்டாக்கும். அது கம்பியின் பிம்பத்தோடு ஒரே இடத்தில் தெளிவடையாது, எதைப் பார்த்து நிறுத்துவது என்று குழப்பும். அட்டை, லென்ஸ், ஆடி மூன்றும் ஒளியியல் பெஞ்சில் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நிற்கட்டும். ஆடியை லென்சுக்கு 2 அல்லது 3 செ.மீ. பின்னால் வைத்தால் போதும். கொள்கைப்படி அந்த இடைவெளி முடிவைப் பாதிக்காது. ஆனால் ஆடி தள்ளிப்போகப் போக, திரும்பும் ஒளியில் ஒரு பகுதி லென்சின் விளிம்பைத் தாண்டி வீணாகிப் பிம்பம் மங்கும். பிம்பம் துளையின்மேலேயே விழாமல் பக்கத்தில் வெள்ளைப் பரப்பில் விழ, ஆடியைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். 20 செ.மீ. லென்சுக்கு 1 டிகிரி சாய்த்தால் பிம்பம் 7 மி.மீ. நகரும். துளை 1 செ.மீ. என்பதால் ஒன்றரை டிகிரியே போதும்.

இனி அந்த 10.2 செ.மீ. எப்படி வந்தது என்று பார்ப்போம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு, மேலே விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். லென்சின் பின்பரப்பு, உள்ளே வரும் ஒளிக்கு ஒரு குழியாடி போலத்தான் இருக்கிறது. முன்பரப்பில் விலகி உள்ளே வந்த கதிர்கள் பின்பரப்பைச் செங்குத்தாகத் தொடும்படி பொருள் ஒரு தூரத்தில் அமைந்துவிட்டால், அவை வந்த வழியே திரும்பித் திரையில் பிம்பம் உண்டாக்கும். அந்தத் தூரத்துக்கான சமன்பாடு:

1/u = 1/f + 1/R

இதில் f என்பது குவியத் தொலைவு, R என்பது பின்பரப்பின் வளைவு ஆரம். இருபுறமும் சமமாக வளைந்த, ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட லென்சில் R, f இரண்டும் சமம். ஆகவே u = f/2. ஆடிக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

இந்தப் பிம்பம் ஏமாற்றுவதற்குக் காரணம், அது எல்லா விதத்திலும் சரியான பிம்பம் போலவே இருப்பதுதான். அது திரையில் விழும் மெய்ப் பிம்பம், தலைகீழானது, பொருளின் அளவே இருப்பது. தலைகீழா, சம அளவா என்று மட்டும் சரிபார்க்கச் சொல்லும் செய்முறைக் குறிப்புகள் இங்கே உதவாது. வெளிச்சத்தை வைத்தும் எளிதில் பிரிக்க முடியாது. 4 சதவீதம் என்றாலும், பாதித் தூரத்தில் நிற்கும் லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை வாங்குகிறது. அதனால் ஆடி தரும் பிம்பத்தின் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்துவிடும். இருட்டறையில் அது தாராளமாகத் தெரியும். லென்சைத் திரைக்கு அருகிலிருந்து மெதுவாகப் பின்னுக்கு நகர்த்துபவருக்கு முதலில் எதிர்ப்படுவதும் இதுவே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று அப்போது கண்ணில் படாது.

பிரித்தறிய ஒரு கறுப்பு அட்டை போதும். லென்சுக்கும் ஆடிக்கும் நடுவே அதை நுழையுங்கள். பிம்பம் மறைந்தால் அது ஆடி தந்தது. மறையாமல் நின்றால் லென்சின் பின்பரப்பு தந்தது. ஆடியை லேசாக அசைத்தும் பார்க்கலாம்: ஆடியின் பிம்பம் கூடவே ஓடும், போலிப் பிம்பம் அசையாது. லென்சைச் சாய்த்தால் நேர்மாறாக, போலி ஓடும், ஆடியின் பிம்பம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். அளவீட்டுக்கு முன் அட்டைச் சோதனையைச் செய்து, அதைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுத வைப்பதே சரி என்பது எங்கள் கருத்து. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தூரத்து மரத்தைத் தாளில் குவித்து உத்தேச மதிப்பை முதலில் எடுத்துக்கொண்டால் சந்தேகமே எழாது.

சரியான பிம்பம் கிடைத்த பிறகும் எங்கே நிறுத்துவது என்ற தடுமாற்றம் இருக்கும். 5 செ.மீ. விட்டமுள்ள 20 செ.மீ. லென்சை முழுவதுமாகத் திறந்து வைத்தால், விளிம்பு வழியாகப் போகும் இணைகதிர்கள் நடுப்பகுதிக் கதிர்களைவிட ஏறக்குறைய 5 மி.மீ. முன்னதாகவே குவிந்துவிடும். இந்தக் கோளப் பிறழ்ச்சியால் தெளிவான நிலை என்று ஒன்று அமையாது, ஓரளவு தெளிவான ஒரு நீளம்தான் இருக்கும். கறுப்புத் தாளில் 2 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி லென்சின்மேல் மாட்டினால் அந்த 5 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். துளையை இன்னும் சிறிதாக்கக் கூடாது. பிறழ்ச்சி குறைந்தாலும், லென்சை எங்கே வைத்தாலும் பிம்பம் தெளிவாகவே தெரியும், இடத்தைப் பிடிக்க முடியாது. வெள்ளை விளக்கில் நிறப் பிறழ்ச்சியும் சேரும். சாதாரணக் கண்ணாடியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 20 செ.மீ.க்குச் சுமார் 3 மி.மீ. வித்தியாசம் உண்டு. தெளிவான இடத்திலிருந்து லென்சை ஒருபக்கம் நகர்த்தினால் கம்பியின் ஓரம் செம்மையாகவும் மறுபக்கம் நகர்த்தினால் நீலமாகவும் மாறுவது இதனால்தான். விளக்கின்முன் பச்சை செலோஃபேன் தாள் வைத்தால் அடங்கும்.

ஒரு மாதிரி அளவீட்டைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். லென்ஸ் இருபுறமும் சமமாக வளைந்தது, நடுத்தடிமன் 5 மி.மீ. திரைத் தாங்கியின் முள் 10.0 செ.மீ.இல் நிற்கிறது. லென்சைத் தூரத்திலிருந்து உள்ளே கொண்டுவரும்போது 30.0 இல் தெளிவு. அருகிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது 29.8. இரண்டுக்கும் சராசரி 29.9, அதாவது தூரம் 19.9 செ.மீ. தாங்கியின் முள் லென்சின் மையத்துக்கு நேர்கீழே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் 15.0 செ.மீ. நீளமுள்ள கம்பியின் ஒரு முனையைத் திரையிலும் மறுமுனையை லென்சின் முன்பரப்பிலும் தொடும்படி வைக்கிறோம். லென்சின் மையத்துக்கு உண்மையான தூரம் 15.0 உடன் தடிமனில் பாதி சேர்ந்து 15.25. பெஞ்சில் முட்கள் காட்டுவது 15.05. ஆக 0.2 கூட்ட வேண்டும்: 20.1 செ.மீ. கடைசியாக ஒரு சிறு திருத்தம். குவியத் தொலைவை முதன்மைத் தளத்திலிருந்துதான் அளக்க வேண்டும். இப்படிப்பட்ட லென்சில் அது மையத்திலிருந்து தடிமனில் ஆறில் ஒரு பங்கு முன்னால், அதாவது 0.8 மி.மீ. முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் 20.0 செ.மீ. கைநடுக்கமும் கண் கணிப்பும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் பிழை தரும் அளவீட்டில் இந்தக் கடைசித் திருத்தத்தை விட்டாலும் குடிமுழுகிவிடாது. ஆனால் முள் திருத்தத்தை விட்டால் 2 மி.மீ. அப்படியே முடிவில் தங்கிவிடும், எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் குறையாது.

மாணவர் எடுத்த 10.2 செ.மீ.யும் வீண் இல்லை. f = 20.0, u = 10.2 என்று வைத்தால் R = uf/(f − u) = 20.8 செ.மீ. சம வளைவு லென்சுக்கு ஒளிவிலகல் எண் n = 1 + R/(2f), ஆக n = 1.52. சாதாரண கிரௌன் கண்ணாடிக்கு எதிர்பார்க்கும் மதிப்பு. கோளமானி இல்லாமல் வளைவு ஆரம் காணும் இந்த வழிக்குப் பாய்ஸ் முறை என்று பெயர்.

ஆடியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2 மி.மீ. மெல்லிய கண்ணாடியைத் தாங்கியில் இறுக்கித் திருகினால் அது வளைந்துவிடும். 10 மீட்டர் ஆரத்துக்குக் குழிந்தாலே 20 செ.மீ. லென்சு 19.6 என்று காட்டும். 50 செ.மீ. லென்சில் அதே வளைவு 47.6 என்று இழுத்துவிடும், ஏனென்றால் பிழை குவியத் தொலைவின் இருமடியோடு ஏறுகிறது. குறுக்குக் கம்பி இங்கே உதவுகிறது. ஒரு திசையில் மட்டும் வளைந்த ஆடியில் நிமிர்ந்த கம்பி ஓரிடத்திலும் படுத்த கம்பி வேறிடத்திலும் தெளிவடையும். ஆடியை அதன் தளத்திலேயே 90 டிகிரி சுழற்றுங்கள். இரண்டும் இடம் மாறிக்கொண்டால் குற்றம் ஆடியில். மாறாமல் அப்படியே இருந்தால் லென்ஸ் சாய்ந்து நிற்கிறது. 4 மி.மீ. தடிமன் உள்ள ஆடியை, இறுக்கிப் பிடிக்காமல் கீழே தாங்கி மட்டும் நிறுத்தினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

ஒருபுறம் தட்டையான லென்ஸ் கையில் இருந்தால் தட்டைப் பக்கம் ஆடியைப் பார்க்கட்டும். அப்போது பின்பரப்புக்கு வளைவே இல்லை, 1/R பூச்சியம். போலிப் பிம்பமும் அதே f தூரத்தில்தான் விழும், கறுப்பு அட்டை வைத்த பிறகு மங்கலாகத் தெரிவதும் சரியான அளவையே தரும். அதே லென்சைத் திருப்பி வளைந்த பக்கத்தை ஆடிக்குக் காட்டினால் போலிப் பிம்பம் f/3 இல், 20 செ.மீ. லென்சுக்கு 6.7 செ.மீ. அருகில் விழும்.