ரிவர்வுட் நெருங்கும்போது நின்றுபோகும் ஸ்கைரிம்

ஸ்கைரிம் விளையாட்டில் ஒயிட்ரன்னிலிருந்து ரிவர்வுட் பக்கம் நடக்கிறீர்கள். ஊர் இன்னும் வரவில்லை. திரை ஒரு கணம் உறைகிறது, அடுத்த கணம் டெஸ்க்டாப் தெரிகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. மறுபடி நடந்தால் அதே இடத்தில் அதே முடிவு. விளையாட்டை மாற்றியமைக்கும் மாட் கோப்புகளை நூறு, இருநூறு என்று போட்டு ஸ்கைரிம் ஆடுகிறவர்கள் பலரும் முதலில் கணினியைத்தான் சந்தேகப்படுவார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால், பெரும்பாலும் காரணம் மாட்களுக்குள்தான் இருக்கும்.

ஸ்கைரிமில் ஒவ்வொரு பொருளும், ஆளும், நிலத்துண்டும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு இலக்க எண் உண்டு. உங்களோடு துணைக்கு வரும் லிடியாவின் எண் `000A2C8E`. பொதுவாக முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பதிவு எந்தக் கோப்பில் பிறந்தது என்பதைச் சொல்லும். `00` என்றால் Skyrim.esm. இரண்டு மாட்கள் லிடியாவைத் தொட்டால், மாட்கள் ஏறும் வரிசையான லோட் ஆர்டரில் கடைசியாக வருவதுதான் செல்லும். முக்கியமான விஷயம், அந்தப் பதிவு முழுதாகவே செல்லும். இரண்டிலிருந்தும் நல்லதை எடுத்துக் கலக்கும் வேலையை விளையாட்டு செய்யாது.

ஒரு மாட் லிடியாவின் முகத்தை மாற்றுகிறது, இன்னொன்று அவள் சண்டைத் திறனை மட்டும் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறன் மாட் கடைசியில் இருந்தால், அதன் பதிவில் உள்ள பழைய முகத் தகவலும் சேர்ந்தே வரும். ஆனால் முதல் மாட் கொண்டுவந்த முக வடிவக் கோப்பு ஃபோல்டரில் அப்படியே இருக்கும். பதிவு ஒன்று சொல்ல, கோப்பு வேறொன்று சொல்ல, லிடியா கருத்த முகத்தோடு நிற்பாள். இதில் கிராஷ் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.

ரிவர்வுட் கதை வேறு. ஊர்மக்கள் எங்கே நடக்கலாம் என்பதைத் தரையில் விரித்த முக்கோண வலை ஒன்று சொல்கிறது. அதன் பெயர் நேவ்மெஷ். வெளிநிலம் சதுரச் செல்களாகப் பிரிந்திருக்கும். ஒரு செல்லின் வலை, பக்கத்துச் செல்லின் வலையோடு விளிம்பில் இணைந்திருக்கும். அந்த இணைப்பில் எழுதியிருப்பது பக்கத்து வலையின் பதிவு எண்தான்.

புது வீடுகள் கட்டும் ஒரு மாட், பழைய வலையை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்திருக்கிறது. புது வலைக்குப் புது எண். பக்கத்துச் செல்லோ இன்னும் பழைய எண்ணைத்தான் தேடுகிறது. தேடிய இடத்தில் ஒன்றும் இல்லாதபோது விளையாட்டு, இல்லாத நினைவகத்தைப் படிக்கப் போய் விழுந்துவிடும். சாதாரண அமைப்பில் உங்களைச் சுற்றி 5×5 செல்கள் முன்கூட்டியே ஏறுவதால், பிரச்சினை உள்ள செல்லுக்கு இரண்டு செல் முன்னாலேயே இது நடக்கலாம். அதனால்தான் ஊருக்குள் போகும் முன்பே விழுகிறது.

இங்கே வரிசை எப்படித் தீர்மானிக்கிறது என்று பாருங்கள். பெயர்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை:

```
*SaalaiMaatram.esp
*PudhuVeedugal.esp
```

கீழே இருப்பது கடைசியாக ஏறும். சாலை மாட் அதே பழைய வலையைச் சற்றுத் திருத்தியிருக்கிறது, ஆனால் அழிக்கவில்லை. மேலே உள்ள வரிசையில் "அழிக்கப்பட்டது" என்ற பதிவு வெல்கிறது, கிராஷ் வருகிறது. இரண்டையும் இடம் மாற்றினால் பழைய வலை உயிரோடு இருக்கும், கிராஷ் நின்றுவிடும். ஆனால் புது வலையும் அங்கேயே இருப்பதால் ஊர்மக்கள் புது வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கலாம். கிராஷ் போய்விட்டது என்பதற்காக மோதல் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எப்படி உறுதி செய்வது? பழைய சேவ் கோப்பைத் திறக்காமல், முதன்மை மெனுவிலேயே கன்சோலில் இதை அடியுங்கள்:

```
coc Riverwood
```

அப்போதும் விழுந்தால் சேவ் மேல் குற்றமில்லை. முதன்மை மெனு வருவதற்கு முன்பே விழுந்தால் அது வேறு வகை: ஏதோ ஒரு மாட் நம்பியிருக்கும் மாஸ்டர் கோப்பு இல்லையா என்று முதலில் பாருங்கள். அப்புறம் மாட்களைப் பாதிப் பாதியாக அணைத்து அதே கட்டளையைக் கொடுங்கள். 128 மாட் இருந்தால் ஏழு சோதனைகளில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒரு மாட்டை அணைக்கும்போது அதை நம்பியிருக்கும் மாட்களையும் சேர்த்தே அணைக்க வேண்டும். இதற்கு உங்கள் நல்ல சேவ் கோப்பைப் பயன்படுத்தவே வேண்டாம். ஸ்கிரிப்ட் உள்ள மாட்டை நடுவில் எடுத்தால் அது தடயம் விட்டுப் போகும்.

கிடைத்த மாட்டை, பதிவுகளைப் பார்க்க உதவும் SSEEdit கருவியில் மற்ற மாட்களோடு திறந்தால், அந்த வலையின் பதிவைத் தொட்ட கோப்புகள் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கும். வலது ஓரத்தில் இருப்பது வென்றது. அங்கே அழிக்கப்பட்ட குறி இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். LOOT போன்ற வரிசைப்படுத்தும் கருவி நல்ல தொடக்கம்தான், நானும் அதில்தான் தொடங்குவேன். ஆனால் அதனால் மாட்களை வரிசைப்படுத்த முடியுமே தவிர, இரண்டு பதிவுகளைச் சேர்த்துத் தைக்க முடியாது. அதற்கு இரண்டையும் இணைக்கும் பேட்ச் கோப்பு ஒன்று வேண்டும்: புது வலையின் வடிவத்தைப் பழைய எண்ணுக்குள்ளேயே வைத்து, விளிம்பு இணைப்புகளை விளையாட்டின் எடிட்டரான கிரியேஷன் கிட்டில் மறுபடி உறுதிசெய்து, அந்தக் கோப்பை இரண்டுக்கும் கீழே ஏற்ற வேண்டும். அதன்பின் பக்கத்துச் செல் பழைய எண்ணைத் தேடும்போது, அங்கே புது வீடுகளைச் சுற்றிப் போகும் பாதை இருக்கும்.