அடகு நகையும் முழங்கால் தண்ணீரும்: நேற்றைய பகல் கனவுக்குள் வரும் விதம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எனக்கு வந்த கனவு இது. ஏதோ ஒரு ரயில் நிலையம். நடைமேடையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். டிக்கெட் பரிசோதகர் வருகிறார். அவருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பரின் முகம், கையில் ஸ்பேனர். "சீட்டு இருக்கா?" என்று கேட்கிறார். நான் பையைத் துழாவுகிறேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியம்மா, "சீக்கிரம் குடுடா, நேரமாச்சு" என்கிறார். அதோடு விழிப்பு வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நடந்தவை மூன்று. காலையில் குளியலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்து, வாஷர் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். மதியம் டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. அதில் ரயில் நிலையத்தில் ஒரு பிரிவுக் காட்சி. நான் சாப்பிட்டுக்கொண்டே அரைக் கண்ணால் பார்த்தேன். மாலையில் பெரியம்மா போனில் பேசினார். அடகு வைத்த வளையலுக்கு வட்டி கட்டவில்லையாம், இந்த மாதமும் விட்டால் நகை மூழ்கிவிடும் என்று கவலைப்பட்டார். அடகுச் சீட்டை வேறு எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றும் கனவில் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட நடந்தபடி இல்லை. குளியலறை வரவில்லை. போன் வரவில்லை. படத்தின் கதாநாயகி வரவில்லை. முகம் ஒன்று, இடம் ஒன்று, சொல் ஒன்று என்று துண்டு துண்டாகப் பிரிந்து, வேறு விதமாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. இந்தத் துண்டுகளைத்தான் பகல் எச்சம் என்கிறோம். வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு 1899 இறுதியில் வெளியிட்ட கனவு நூலில் இதற்கு ஜெர்மனில் இட்ட பெயரிலிருந்து வந்த சொல் இது. ஒவ்வொரு கனவிலும் முந்தைய நாளின் ஏதோ ஒன்றோடு ஒரு தொடுப்பு இருக்கும் என்றார் அவர். அதுவும் பெரும்பாலும் அற்ப விஷயமாக இருக்கும். அவருடைய கனவு ஒன்றில் தாவரவியல் நூல் ஒன்று வந்தது. அன்று காலை ஒரு புத்தகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சைக்ளமன் என்ற பூச்செடியைப் பற்றிய நூலை அவர் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அற்ப விஷயம் ஏன் வருகிறது என்பதற்கு, மறைந்திருக்கும் ஆசை அதைத் திரையாகப் பயன்படுத்துகிறது என்று அவர் சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. ஆனால் அவர் கண்டதைக் கண்டபடி எழுதிய இடங்கள் இன்றும் நிற்கின்றன.

நேற்று நடந்தது அப்படியே திரும்ப ஓடுவது எவ்வளவு அரிது என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 29 பேர் இரண்டு வாரம் தங்கள் கனவுகளை எழுதி, எந்தப் பகுதி விழித்திருந்தபோது நடந்த எதிலிருந்து வந்தது என்று தாங்களே குறித்தார்கள். மொத்தம் 299 கனவுகள். அவற்றில் 65 சதவீதத்தில் விழிப்பு வாழ்க்கையின் ஏதாவது ஒரு கூறு இருந்தது. ஆனால் அதே இடம், அதே ஆட்கள், அதே நிகழ்வு என்று நடந்தது நடந்தபடி வந்த கனவு 1 முதல் 2 சதவீதம்தான்.

அப்படியானால் கனவு எந்தக் கிடங்கிலிருந்து எடுக்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சோதனை ஒரு மலையேற்றத்தில் தொடங்கியது. ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மலை ஏறிவிட்டு வந்து படுத்தார். கண் சொருகும்போதெல்லாம் கை பாறையைப் பற்றியிருப்பது போலவே இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு எல்லோரையும் மலை ஏற்றிக் கூட்டிவர முடியாது. அதனால் டெட்ரிஸ் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார். திரையின் மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி இடைவெளியில் பொருத்த வேண்டும், அந்த விளையாட்டு.

27 பேர் மூன்று நாளில் 7 மணி நேரம் ஆடினார்கள். இரவில் உறங்கத் தொடங்கும் நேரத்தில் அவர்களைத் தட்டி, இப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். 17 பேர் கட்டைகள் விழுவதைச் சொன்னார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். கணினி இல்லை, மேசை இல்லை, விசைப்பலகை இல்லை, உட்கார்ந்திருந்த அறை இல்லை. கட்டை மட்டும் விழுகிறது. ஏற்கெனவே டெட்ரிஸில் பழகியவர்கள் சிலருக்கு அன்று ஆடிய திரைகூட வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஆடிய பழைய பதிப்பின் கட்டைகள் வந்தன. நேற்றைய துண்டு தன்னைப் போன்ற ஒரு பழைய துண்டை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

அந்த 27 பேரில் 5 பேர் மறதி நோயாளிகள். மூளையின் உட்பக்கத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய இடங்களும் சேதமானவர்கள். 'நேற்று இன்ன இடத்தில் இது நடந்தது' என்று ஒரு நிகழ்வை முழுசாகக் கட்டி வைப்பது அந்தப் பகுதியின் வேலை. இவர்களுக்கு அது நடக்காது. ஒவ்வொரு நாளும் புதிதாக அறிமுகம் செய்துகொண்டு, விளையாட்டையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட 5 பேரில் 3 பேர், உறக்கத்தின் விளிம்பில் ஏதோ வடிவங்கள் விழுவதாகவும் திரும்புவதாகவும் சொன்னார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று அவர்களுக்கே தெரியவில்லை.

2000-இல் வெளிவந்த இந்த முடிவிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நேற்றைய நாள் மூளையில் ஒரே கட்டாகக் கிடப்பதில்லை. வடிவம், முகம், சொல், அசைவு ஆகியவை மூளையின் புறணியில் ஆங்காங்கே தனித்தனித் தடங்களாகப் பதிகின்றன. அவற்றை ஒரு நூலில் கோத்து 'இது நேற்றைய நிகழ்வு' என்று தேதி போட்டு வைப்பது ஹிப்போகாம்பஸ். கனவுக்கு மணிகள் போதும், நூல் தேவையில்லை. என் கனவில் பிளம்பரின் முகம் வந்து குளியலறை வராமல் போனதற்கு இதுதான் நம்பத்தகுந்த விளக்கம்.

இரவு நகர நகர இந்தத் துண்டுகள் மேலும் உருமாறுகின்றன. கண் சொருகும் நேரத்தில் வருபவை கட்டை கட்டையாகவே இருக்கும். விடிகாலைக் கனவில் அதே துண்டு ஒரு கதைக்குள் வேறு வேடத்தில் வரும். விடிகாலையில் ரெம் உறக்கம் நீளமாக வருவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் உறக்கக் கட்டம் அது. அப்போது நாரட்ரீனலின் என்ற வேதிப்பொருள் மூளையில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அசிட்டைல்கோலின் கூடுகிறது. நாரட்ரீனலின் இருந்தால் கவனம் ஒன்றிலேயே நிற்கும். அது இல்லாதபோது, விழிப்பில் நாம் பொருட்படுத்தாத தூரத்து உறவுகள் மேலே வர இடம் கிடைக்கிறது என்று கருதுகிறார்கள்.

தூரத்து உறவு என்றால் எப்படி? என் கனவையே எடுத்துக்கொள்வோம். பெரியம்மா சொன்னது நகை 'மூழ்கும்' என்று. போனில் கேட்கும்போது அந்தச் சொல்லில் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. கெடு தாண்டிப் போகும் என்று மட்டும்தான் எனக்குப் பொருள்பட்டது. கனவிலோ நடைமேடை மூழ்கிக் கிடந்தது. காலையில் ஒழுகிய குழாயும் அதற்குக் கை கொடுத்திருக்கலாம். 'சீட்டு' இன்னும் நேரடியானது. அடகுக் கடையில் கொடுப்பதும் சீட்டு, பஸ்ஸில் கிழித்துக் கொடுப்பதும் சீட்டு. அந்த ஒரு சொல் மேல் ஏறித்தான் அடகுக் கவலை ரயில் நிலையத்துக்குள் வந்தது போல் இருக்கிறது.

'போல் இருக்கிறது' என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ஏனென்றால் இந்த இணைப்புகளை நான் காலையில் காபி குடித்துக்கொண்டே கண்டுபிடித்தேன். கனவைக் கையில் வைத்துக்கொண்டு நேற்றைய நாளைத் தேடினால், எதற்கும் எதையாவது பொருத்திவிடலாம். தண்ணீர் வராத நாள் ஏது? பெரியம்மா வாரம் மூன்று முறை பேசுகிறார். இந்தத் துறையில் மிகப் பெரிய குழி இதுதான்.

நடந்த ஒன்று சில நாள் பின்தங்கிக் கனவில் வருவதை ஆராய்ந்தவர்கள் இந்தக் குழியைத் தாண்ட நல்ல வழி வைத்திருக்கிறார்கள். பிரான்சின் உறக்க ஆய்வாளர் மிஷேல் ஜுவே, தான் பயணம் போகும்போது புது ஊர் கனவில் வர ஒரு வாரம் போல ஆவதைத் தன் கனவுக் குறிப்புகளில் கவனித்தார். 1980-களின் இறுதியில் கனடாவில் டோரே நீல்சனும் ரஸ்ஸல் பவலும் அதை முறையாகச் சோதித்தார்கள். ஒரு நிகழ்வு அடுத்த ஓரிரு இரவுகளில் அதிகம் வருகிறது, மூன்றாம் நான்காம் நாளில் குறைகிறது, பிறகு ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் மறுபடி எழுகிறது. முதல் எழுச்சிதான் பகல் எச்சம். இரண்டாவது, பின்னால் வந்த சோதனைகளில், ரெம் உறக்கத்துக் கனவுகளில் மட்டும், அதுவும் மனதுக்கு நெருக்கமான நிகழ்வுகளுக்குத்தான் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் வாஷர் முதல் இரவோடு போய்விடும், வளையல் கவலை அடுத்த வாரமும் வரலாம்.

இப்படிச் சோதிக்கும்போது பகல் குறிப்பையும் கனவுக் குறிப்பையும் தேதி இல்லாமல் கலைத்துவிட்டு ஒப்பிடுவார்கள். உண்மையான முந்தைய நாளோடு பொருந்துவது, வேறு ஏதோ ஒரு நாளோடு பொருந்துவதைவிடக் கூடுதலா என்று பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தால்தான் கணக்கில் சேரும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். படுக்கும் முன் அன்று நடந்ததை ஐந்தாறு வரியில் எழுதிவிட வேண்டும், கனவுக்கு முன்பே. எப்போதும் நடப்பதை விட்டுவிட்டு அன்றைக்கு மட்டும் நடந்ததை எழுதுவது நல்லது. 'சாப்பிட்டேன்' உதவாது, 'சாம்பாரில் உப்பு போட மறந்தேன்' உதவும். காலையில் எழுந்தவுடன், போனைத் தொடும் முன் கனவை எழுத வேண்டும். பத்து நாள் ஆனதும் இரண்டு கட்டுத் தாள்களையும் தேதி இல்லாமல், உங்கள் வாழ்க்கை அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சேர்த்தாலே சராசரியாக ஒரு ஜோடி சரியாக விழும். ஐந்து நாள் எழுதினாலும் ஐம்பது நாள் எழுதினாலும் அந்தக் கணக்கு மாறாது. அதற்கு மேல் எத்தனை சரியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

என் சனிக்கிழமைக் கனவை ஒரு நண்பரிடம் வேறு ஒன்பது இரவுகளோடு கலந்து கொடுத்தேன். அந்த நாளின் தாளை அவர் சரியாக எடுத்து ஜோடி சேர்த்தார். எதை வைத்து என்று கேட்டேன். தண்ணீரும் இல்லை, சீட்டும் இல்லை. அந்த ஸ்பேனர்தான் என்றார்.