ரவை மணலாக ஓடும் நேரம்

ஒரே டப்பாவிலிருந்து இரண்டு டம்ளர் ரவை எடுத்து, ஒன்றை உப்புமாவுக்கும் இன்னொன்றை அல்வாவுக்கும் வறுத்துப் பாருங்கள். வாணலி அதே, அடுப்பு அதே. ஆனால் முதலாவது கிட்டத்தட்ட வெள்ளையாகவே இறங்க வேண்டும். இரண்டாவது வறுத்த முந்திரியின் நிறத்துக்கு வர வேண்டும். இரண்டையும் 'பொன்னிறமாக வறுக்கவும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிற சமையல் குறிப்புகளால்தான் பாதி உப்புமா கெட்டுப்போகிறது என்பது என் கட்சி.

நங்கநல்லூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நிறம் ஒரு கணக்கே இல்லை. "கலரைப் பாக்காதேடா, ஓட்டத்தைப் பாரு. மணல் மாதிரி ஓடணும்" என்பார். நான் சின்ன வயதில் இதை ஒரு பேச்சுவழக்கு என்றே நினைத்தேன். அது துல்லியமான ஈரப்பத அளவீடு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கடையில் வாங்கும் ரவை தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். ஆனால் அதன் எடையில் 12 முதல் 14 சதவீதம் வரை தண்ணீர் உண்டு. ஒரு டம்ளர் ரவையை 170 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர், அதாவது நாலைந்து டீஸ்பூன், ஒளிந்திருக்கிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் இன்னும் கூடும். இந்த ஈரம் குருணைகளை ஒன்றோடொன்று லேசாகப் பிடித்து வைத்திருக்கிறது. பச்சை ரவையை வாணலியில் குவித்துக் கரண்டியால் நடுவே கோடு கிழித்தால் இரு கரையும் சுவர்போல் நிற்கும். வறுபட்ட ரவையில் கோடு கிழித்தால் கரை உடனே சரிந்து பள்ளத்தை மூடிவிடும். பெரியம்மா சொன்ன ஓட்டம் இதுதான். ஈரம் போனது, பிடிப்பும் போனது.

ஈரம் போவதைக் கண்ணாலும் பார்க்கலாம். வறுக்கத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில், ஒரு எவர்சில்வர் தட்டை வாணலிக்கு மேலே சாய்வாகப் பிடித்தால் அதன் அடியில் மூச்சுவிட்டதுபோல் ஒரு மங்கல் படியும். தட்டைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிடித்தால் அந்த மங்கல் குறைந்திருக்கும், பிறகு நின்றே போகும். தட்டு அலமாரியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் வைத்த தட்டு என்றால் ரவையே வேண்டாம், சென்னைக் காற்றே அதில் வியர்த்துவிடும்.

தண்ணீர் ஆவியாக நிறைய வெப்பம் வேண்டும். ஆகவே ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும்வரை கொடுக்கும் சூட்டில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ரவையின் வெப்பநிலை மெதுவாகத்தான் ஏறுகிறது. ஈரம் பெரும்பாலும் தீர்ந்த பிறகு தடுக்க ஆளில்லை. வெப்பநிலை விறுவிறுவென ஏறி, 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேறொரு வேலை வேகமெடுக்கிறது. கோதுமைப் புரதத்தின் அமினோ அமிலங்களும் அதிலுள்ள சிறிதளவு சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்கும் வினை அது. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்லார்ட் விவரித்ததால் அவர் பெயரிலேயே மெய்லார்ட் வினை என்கிறார்கள். தோசையின் முறுகல் ஓரமும் இதே வினைதான்.

ஆக ரவை வறுப்பதில் இரண்டு கட்டங்கள். முதலில் ஈரம் போகிறது, பிறகு நிறம் வருகிறது. உப்புமா ரவை முதல் கட்டத்தின் முடிவில், இரண்டாவது எட்டிப் பார்க்கும்போதே இறங்கிவிட வேண்டும். அல்வா ரவை இரண்டாவது கட்டத்துக்குள் நன்றாக நடந்து போக வேண்டும்.

தீ அதிகமானால் இந்த இரண்டு கட்டங்களும் குழம்பிவிடும். "வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்" என்று பலரும் சொல்வார்கள். உருளைக்கிழங்குக்கு அது பொருந்தும், ரவைக்குப் பொருந்தாது. ஒரு ரவைக் குருணை அரை மில்லிமீட்டர் சுமார்தான். வெளியே பட்ட சூடு அதன் நடுவுக்குப் போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகாது. வித்தியாசம் ஒரு குருணையின் வெளிக்கும் உள்ளுக்கும் நடுவே இல்லை, ஒரு குருணைக்கும் பக்கத்துக் குருணைக்கும் நடுவே இருக்கிறது. வாணலியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடி வரிசை சுடச்சுடக் காய்கிறது. அதற்கு மேலே இருப்பவை, இடையிலுள்ள காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால், இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன. முழுத் தீயில் அடி வரிசை நிறம் மாறிவிடும், மேல் வரிசை ஈரமே விட்டிருக்காது. கிளறினால் இரண்டும் கலந்து சராசரியாக ஒரு நல்ல நிறம் தெரியும். அந்த நிறம் பொய். அதை நம்பி இறக்கிய ரவையில் பாதி வறுபடாதது.

அதனால் தீயின் அளவு என்பது அடுப்பைப் பொறுத்தது மட்டுமல்ல, உங்கள் கையையும் பொறுத்தது. அடியில் இருப்பது நிறம் மாறுவதற்குள் அதைக் கை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வேகத்துக்கு எந்தத் தீ ஒத்துவருகிறதோ அதுதான் சரியான தீ. வீட்டு கேஸ் அடுப்பில் அது சிம்முக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இரண்டு டம்ளர் ரவை போட்டால் நேரத்தைக் கூட்டுங்கள், தீயைக் கூட்டாதீர்கள். அகலமான வாணலி இருந்தால் இன்னும் நல்லது.

கிளறுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரவையில் குருணை மட்டுமல்ல, மாவுத்தூளும் கலந்திருக்கும். பல அளவுத் துகள்களை அசைத்துக்கொண்டே இருந்தால் சிறியவை பெரியவற்றின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். முறத்தில் புடைத்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே எளிதில் கருகக்கூடிய தூள், சூடு மிக அதிகமான இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலாகக் கிளறிக்கொண்டே இருப்பது இதைத் தடுக்காது, இன்னும் வேகப்படுத்தும். தட்டையான தோசைத் திருப்பியால் வாணலியின் அடியைச் சுரண்டி அள்ளிப் புரட்ட வேண்டும். வட்டக் கரண்டி அந்த வேலைக்கு ஆகாது.

என் அடுப்பில் ஒரு டம்ளர் பம்பாய் ரவை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இரும்பு வாணலியை நடுத்தரத் தீயில் காயவிட்டு, ரவையைப் போட்டதும் தீயைக் குறைக்கிறேன். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும்; தட்டில் மங்கல் படிவது இப்போதுதான். பொறுமையிழந்து தீயை ஏற்றுவதும் இப்போதுதான். நாலாவது நிமிடத்தில் கிழித்த கோடு சரியத் தொடங்கும், கிளறும் ஓசையும் மாறும். மொத்தையான சத்தம் போய்ச் சரசரவென்று கேட்கும். ஆறு, ஏழு நிமிடத்தில் பச்சை வாசனை போய் லேசான வறுத்த மணம் வரும். நிறம் இன்னும் வெள்ளைதான், பக்கத்தில் பச்சை ரவையை வைத்தால் மட்டும் ஒரு துளி மஞ்சள் தெரியும். அவ்வளவுதான், உப்புமா ரவை தயார். வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லா ரவையும் பொன்னிறம்தான்!

அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. இரும்பு வாணலி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், உள்ளே இருப்பது வறுபட்டுக்கொண்டே இருக்கும். உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். ஒருமுறை போன் வந்து, அணைத்த அடுப்பின் மேலேயே வாணலியை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அடியில் ஒரு பழுப்பு வட்டம்.

இவ்வளவு செய்தும் ரவை வேகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து வேகத் தண்ணீர் வேண்டும். வெறும் சூட்டில் அது வேகாது. வறுப்பதால் கிடைப்பது வேறு. பச்சை ரவையைக் கொதிநீரில் கொட்டினால் அதன் மாவுத்தூளும் புரதமும் சட்டென்று பசையாகிக் குருணைகளை ஒட்டவைக்கின்றன. ஒட்டிய உருண்டைக்குள் தண்ணீர் போக முடியாமல் உள்ளே மாவாகவே நின்றுவிடும். அதுதான் கட்டி. வறுத்ததில் அந்தப் பசைத்தன்மை பெருமளவு அடங்கியிருக்கும், ஒவ்வொரு குருணையும் தனித்தனியாகத் தண்ணீரைக் குடிக்கும். ஒரு ஸ்பூன் நெய் விட்டு வறுத்தால் அந்தப் படலம் இன்னும் கொஞ்சம் பிரித்து வைக்கும்.

நம் கேசரி உப்புமாவுக்கு அடுத்த வீடுதான். கலர் வேறு சேர்ப்பதால் ரவை வெளுப்பாகவே இருக்க வேண்டும். சௌகார்பேட்டைப் பக்கம் வடநாட்டு வீடுகளில் கிளறும் ரவை அல்வாதான் இரண்டாம் கட்டத்தின் ஆழத்துக்குப் போவது. அதற்கு ரவைக்குச் சமமான அளவு நெய் விடுவார்கள். நெய் குருணைகளுக்கு நடுவிலிருந்த காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சூடு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சமமாகப் போகிறது. நிறமும் சீராக வருகிறது. இங்கே தட்டு தேவையில்லை. முதலில் நெய் நுரைக்கும். அது ரவையின் ஈரம் வெளியே வருவது. நுரை அடங்கி, கெட்டியாக இருந்தது இளகி, ஓரத்தில் நெய் பளபளத்தால் முதல் கட்டம் முடிந்தது. அதன்பின் தந்த நிறம், சந்தன நிறம், முந்திரி நிறம் என்று போகும். குறைந்த தீயில் மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகலாம். முந்திரியைத் தாண்டினால் கசப்பு.

கடைசி ஒரு நிமிடத்தில் நிறம் ஓடும் வேகம் முதல் பத்து நிமிடத்தில் இருந்ததே இல்லை. அதனால் கொதிநீர் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும், ஊற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். நெய் தண்ணீரின் கொதிநிலையை எப்போதோ தாண்டியிருக்கும். பட்டவுடன் தண்ணீர் ஆவியாகச் சீறித் தெறிக்கும்.

இப்படி முந்திரி நிறத்துக்குப் போன ரவையை உப்புமாவில் போட்டால் என்ன? கட்டி வராது. ஆனால் அதிகச் சூட்டில் மாவுச்சத்தின் சங்கிலிகள் உடைந்திருப்பதால் அது முன்புபோல் உப்பிக் கெட்டியாகாது. இஞ்சி, கறிவேப்பிலை வாசனையையும் வறுத்த மணம் அமுக்கிவிடும்.

போன் வந்த அன்று அந்தப் பழுப்பு வட்ட ரவையைக் கொட்டிவிடப் போனேன். பெரியம்மா தடுத்து, மாவு சல்லடையை எடுத்துவரச் சொன்னார். சலித்தபோது காபித்தூள் நிறத்தில் ஒரு கைப்பிடி தூள் கீழே விழுந்தது. சல்லடையில் நின்ற ரவை கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. அடியில் உட்கார்ந்த தூள்தான் கருகியிருந்தது. "ரவை நல்லாத்தான் இருக்கு. போய் தண்ணிய வை" என்றார்.