ஈ உட்கார்ந்த உணவை உண்ணலாமா?

வீட்டு ஈக்குக் கடிக்கவோ மெல்லவோ பல் கிடையாது. பஞ்சு போன்ற வாய்நுனியால் திரவத்தை மட்டுமே அது உறிஞ்ச முடியும் என்பதால், காய்ந்த சோற்றுப் பருக்கையைக் கண்டால், உமிழ்நீரையும் முன்பு உறிஞ்சி இரைப்பையில் சேமித்து வைத்திருந்த திரவத்தையும் அதன்மேல் கக்கி, கரைத்துக் குடிக்கிறது. போகிற போக்கில் அங்கேயே கழிவையும் இடும். காலில் ஒட்டிவரும் அழுக்கைத்தான் பலரும் நினைத்து அருவருக்கிறார்கள். ஆனால் உடலின் வெளிப்புறத்தில் ஒட்டிய கிருமிகளில் பல காய்ந்து மடிந்துவிடுகின்றன. வயிற்றுக்குள் இருப்பவையே நெடுநேரம் உயிரோடிருந்து, கக்கலிலும் கழிவிலும் வெளிவருகின்றன.

இதனால் வரும் ஆபத்து எவ்வளவு என்பது, ஈ எங்கிருந்து வந்தது, அது போன பிறகு உணவு எவ்வளவு நேரம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. ஓர் ஈ 100 பாக்டீரியாக்களை விட்டுச் சென்றதாக வைத்துக்கொள்வோம். உடனே உண்டால் உள்ளே போவது அந்த 100 மட்டுமே. சால்மொனெல்லா போன்றவை நல்ல உடல்நலம் உள்ளவரை நோயாளியாக்கப் பெரும்பாலும் இதைவிடப் பன்மடங்கு தேவைப்படும். அதே உணவு வெதுவெதுப்பாக வெளியில் கிடந்தால், புதிய இடத்துக்குப் பழக ஒரு மணி நேரம், பிறகு அரை மணிக்கொரு முறை இரட்டிப்பு என்ற கணக்கில், நான்கு மணி நேரத்தில் 6,400 ஆகும். எட்டு மணி நேரத்தில் 16 லட்சத்தைத் தாண்டும். ஈ இட்டது விதை மட்டுமே, விளைச்சலைத் தருவது நேரம்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒன்று உண்டு. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, 10 முதல் 100 வரை உள்ளே போனாலே போதும், பெருகக் காத்திருக்க வேண்டியதில்லை. இஸ்ரேல் ராணுவ முகாம்களில் பொறிவைத்து ஈக்களைக் குறைத்தபோது ஷிகெல்லா நோய்க்காக மருத்துவரிடம் வந்தவர்கள் சுமார் 85 சதவீதம் குறைந்தனர் என்று 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே திறந்தவெளியில் மலம் கிடக்கும் இடத்துக்கு அருகில் என்றால், ஒரு நிமிடம் உட்கார்ந்த ஈயையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சுகாதாரமான கழிப்பறைகள் உள்ள இடத்தில், தட்டில் வந்து அமர்ந்த ஒற்றை ஈக்காக முழு உணவையும் கொட்டுவது, என் கருத்தில், வீண்.

நெடுநேரம் கிடந்ததைக் கொதிக்க வைத்தால் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் சாகும். ஆனால் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகியிருந்தால், அது உணவில் முன்பே விட்டுவைத்த நச்சு கொதியிலும் அழியாது. மணமும் சுவையும் மாறாமலே அது இருக்கக்கூடும் என்பதால், முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை.