வாய்தா: பண்டலுக்கு இண்டெக்ஸ் போடும்போது புரிஞ்ச ஒரு சொல்

கோர்ட் பக்கமே போகாதவங்களுக்குக்கூட தெரிஞ்ச சொல் வாய்தா. சிலர் இத "வாய் + தா"ன்னு பிரிச்சு, வாக்கு கொடுக்கறதுலேந்து வந்த தமிழ்ச் சொல்லுன்னு சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு ஆனா அப்படி இல்ல. அரபியில வாக்குறுதிக்கு உள்ள சொல்தான் பாரசீகம், உருது வழியா இந்த ஊர் பேச்சுக்கு வந்து சேந்துச்சு. இந்தியில 'வாதா'ன்னா இன்னும் வாக்குதான். மராத்தியில 'வாய்தா'. தெலுங்குல 'வாயிதா'ன்னா தள்ளிவைக்கறதும் உண்டு, தவணைப் பணமும் உண்டு. 'இன்ன நாள்ல தர்றேன்'ங்கற வாக்கு மெல்ல அந்த நாளுக்கே பேராகி, அப்புறம் அந்த நாள தள்ளிப் போடறதுக்கும் பேராயிடுச்சு. வக்காலத்து, அமீனா, தாவா எல்லாமே அதே வழியில வந்த சொல்லுங்கதான்.

இப்ப கோர்ட்ல இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் ஓடுது. "இன்னிக்கு எனக்கு வாய்தா"ன்னு கட்சிக்காரர் சொன்னா கேஸ் லிஸ்ட்ல இருக்குன்னு அர்த்தம். "வாய்தா வாங்கிட்டாங்க"ன்னா ஒரு தரப்பு கேட்டு தள்ளி வச்சிருக்குன்னு அர்த்தம். முன்சீப் கோர்ட்ல இன்டர்ன்ஷிப் இருந்தப்ப இந்த ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிட்டு ஒரு இண்டெக்ஸையே தப்பா போட்டுட்டேன்.

அது ஒரு பாதைத் தகராறு, நிரந்தர தடையுத்தரவு கேட்டு போட்ட ஒரிஜினல் சூட், நாங்க வாதி தரப்பு. காலைல ஒவ்வொரு கேஸா கூப்பிடற கால் ஒர்க்ல உக்காந்து யார் என்ன கேக்கறாங்க, ஜட்ஜ் எந்த தேதி கொடுக்கறாரு, எதுக்காக கொடுக்கறாருன்னு நோட்ல எழுதணும், மதியம் ஆபிஸ்ல கேஸ் பேப்பர் கட்டான பண்டல பிரிச்சு வாதியோட வழக்குரையான பிளைண்ட், ஆவணங்கள், இடைக்கால மனுவான ஐ.ஏ., எதிர்வுரை, ப்ரூஃப் அஃபிடவிட், சாட்சியம்னு பக்க எண் போட்டு அடுக்கணும், கடைசில தேதி வரிசை. சீனியர் "எத்தன வாய்தா ஆச்சு பாரும்மா"ன்னாரு. பண்டல் அட்டைல எழுதியிருந்த தேதியெல்லாம் எண்ணி பதினாலுன்னேன். "அதுல நம்ம கேட்டது எத்தன?"ன்னாரு. பதில் இல்ல.

திரும்ப உக்காந்து அட்டைக் குறிப்ப ஈகோர்ட்ஸ் வெப்சைட்ல வர்ற கேஸ் ஹிஸ்டரியோட வச்சு பாத்தேன், அந்த கேஸுக்குன்னே உள்ள பதினாறு எழுத்து சிஎன்ஆர் நம்பர் போட்டா ஒவ்வொரு தேதிக்கும் எதுக்காக போட்டாங்கன்னு வரும். சம்மன் சார்வாகாம மூணு, எதிர்வுரைக்கு மூணு, ஜட்ஜ் லீவு ரெண்டு, வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பு ஒண்ணு, எதையெல்லாம் முடிவு பண்ணணும்னு இஷ்யூஸ் ஃப்ரேம் பண்ண ஒண்ணு. மிச்சம் நாலுதான் சாட்சி விசாரணைக்கு வந்த நாள். அதுல ஒரு நாள் நம்ம முதல் சாட்சி பி.டபிள்யூ.1ஓட முதல் விசாரணையான சீஃப் முடிஞ்சிருக்கு, ஒரு நாள் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணைக்கு, அதாவது கிராஸுக்கு, டைம் வாங்கியிருக்கு, ரெண்டு நாள் நம்ம சாட்சி வராம நாம வாங்கினது. அப்ப சீனியர் கேட்டதுக்கு பதில் ரெண்டு!

ஏன் இவ்ளோ முக்கியம்னா, சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 17 விதி 1 படி வழக்கு விசாரணைல ஒரு தரப்புக்கு மூணு தடவைக்கு மேல ஒத்திவைப்பு தரக்கூடாது, தர்றதுக்கும் காரணம் எழுதணும். வக்கீல் வேற கோர்ட்ல இருக்காருங்கறது காரணமே ஆகாது. 2005ல சேலம் வழக்கறிஞர் சங்க வழக்குல உச்ச நீதிமன்றம், தரப்போட கட்டுப்பாட்டுல இல்லாத ரொம்ப அசாதாரண சூழ்நிலைன்னா மூணுக்கு மேலயும் தரலாம்னு சொல்லிருக்கு, ஆனா அத நம்பி உக்கார முடியாது. எதிர்வுரை டைம் இந்தக் கணக்குல வராது, அதுக்கு கட்டளை 8ல தனி கெடு, முப்பது நாள், நீட்டினா தொண்ணூறு. ஜட்ஜ் லீவும் யார் கணக்குலயும் ஏறாது. பதினாலுன்னு நான் எழுதினத பாத்தா நம்ம எப்பவோ எல்லை தாண்டின மாதிரி தெரியும், உண்மைல கைல இன்னும் ஒண்ணு இருந்துச்சு.

சரி, தமிழ்ல என்ன எழுதறது? ஒரே சொல் தேடக்கூடாதுங்கறது என் எண்ணம். தள்ளி வைக்கறதுக்கு 'ஒத்திவைப்பு', தீர்ப்புகள்லயும் பேப்பர்லயும் நல்லா பழகிடுச்சு. கேஸ் வர்ற நாளுக்கு 'விசாரணை நாள்'. இலங்கைல 'வழக்குத் தவணை'ங்கறாங்க, அழகான சொல், ஆனா இங்க தவணைன்னதும் எல்லாருக்கும் வண்டி லோன்தான் ஞாபகம் வரும். இன்னொண்ணு, இண்டெக்ஸ்ல இடம் பத்தலன்னு 'ஒத்தி'ன்னு சுருக்கிடாதீங்க, சிவில் பண்டல்ல ஒத்தின்னா சொத்த அனுபவத்துக்கு விட்டு பணம் வாங்கற அடமானம், 'ஒத்தி, பக்கம் 32'ன்னு பாத்தா ஜூனியர் பத்திரத்த தேடுவாரு.

நான் இப்ப தேதிப் பட்டியல்ல நாலு கட்டம் போடறேன்: விசாரணை நாள், எதுக்காக, நடந்தது என்ன, ஒத்திவைப்புன்னா கேட்டது யாரு. நாலாவது கட்டத்துல 'வாதி', 'பிரதிவாதி', 'நீதிமன்றம்' மூணுல ஒண்ணு கட்டாயம் இருக்கணும். அன்னிக்கு கோர்ட்ல கேக்கும்போதே நோட்ல எழுதிக்கணும், அட்டைல வெறும் தேதியும் "ஃபார் கிராஸ்"னும் மட்டும்தான் இருக்கும், யார் கேட்டாங்கன்னு ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது.