எக்ஸ்டென்ஷன் தின்னும் ரேம் டேப்பின் கணக்கில் ஏறும்

பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். “சிஸ்டம் ரொம்ப ஸ்லோ தம்பி, புதுசு வாங்கிடலாமா?” என்ற கேள்வி வராத வாரமே இல்லை. இதை அண்மையில் கேட்டவர் ஒரு கணக்காளர். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், விண்டோஸ், குரோம் பிரவுசர். குரோமில் 46 டேப்கள், பிரவுசருக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள் 13. ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மூன்று நான்கு விநாடி வெறும் வெள்ளைத் திரைதான்.

முதலில் பார்க்க வேண்டியது, ரேம்தான் உண்மையிலேயே குற்றவாளியா என்பது. ரேம் நிறைந்திருப்பது மட்டும் குறையில்லை. சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை என்பதால் விண்டோஸும் பிரவுசரும் அதை முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ளத்தான் செய்யும். ரேம் போதாமல் தரவை வட்டுக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. அதற்கு அடையாளம் உண்டு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பழைய டேப்பைச் சொடுக்குங்கள். மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நின்று, சொடுக்கிய அந்த நொடியில் வட்டின் பயன்பாடு துள்ளினால் ரேம் பற்றாக்குறைதான். வட்டு அமைதியாக இருந்து சிபியு மட்டும் கொதித்தால் அது வேறு நோய். இவருடையது முதல் வகை. குரோம் மட்டும் 5.8 ஜிபி பிடித்திருந்தது.

அந்த 5.8 ஜிபி எங்கே போகிறது என்று பார்க்க விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் போதாது. குரோமுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. Shift+Esc அழுத்தினால் வரும். மேக்கில் Window மெனுவில் இருக்கும். அதில் `Memory footprint` என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படும். `Tab:` என்று தொடங்குபவை டேப்கள், `Extension:` என்று தொடங்குபவை எக்ஸ்டென்ஷன்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தொடக்கத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். அவர் கணினியில் `Extension:` வரிகளை எல்லாம் கூட்டினால் 450 எம்பிகூட வரவில்லை. “பாருங்க, எக்ஸ்டென்ஷன்லாம் கம்மிதான். டேப்தான் பிரச்சினை” என்றார் அவர். ஆனால் பட்டியலில் ஒரு விஷயம் உறுத்தியது. படம்கூட இல்லாத, வெறும் எழுத்தாக இருந்த ஒரு பக்கம் 190 எம்பி காட்டியது. அதே முகவரியை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தேன். 85 எம்பி. நாமாக அனுமதி தராதவரை இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு நூறு எம்பிக்கு மேல் எக்ஸ்டென்ஷன்கள் சேர்த்த சுமை. அது அவற்றின் பெயரில் இல்லாமல் டேப்பின் பெயரில் ஏறி நிற்கிறது.

காரணம் எக்ஸ்டென்ஷன்கள் கட்டப்பட்டிருக்கும் விதம். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று பின்னணியில் தனியாக ஓடும். பட்டியலில் `Extension:` என்று தெரிவது அதுதான். மற்றொன்று நீங்கள் திறக்கும் பக்கத்துக்குள்ளேயே நுழைந்து ஓடும் கன்டென்ட் ஸ்கிரிப்ட். எந்தெந்தப் பக்கங்களில் நுழைய வேண்டும் என்பதை எக்ஸ்டென்ஷனை எழுதியவர் இப்படி அறிவித்திருப்பார்:

```json
"content_scripts": [{
  "matches": ["<all_urls>"],
  "js": ["content.js"],
  "all_frames": true
}]
```

`<all_urls>` என்றால் எல்லாப் பக்கங்களிலும். `all_frames` என்பது அதைவிட மோசம். ஒரு பக்கத்துக்குள் விளம்பரம், வீடியோ, கருத்துப்பெட்டி என்று பதிக்கப்பட்டிருக்கும் சின்னச் சின்னச் சட்டங்களுக்குள்ளும் தனித்தனிப் பிரதி ஓடும். ஆக 46 டேப் என்றால் அந்த ஸ்கிரிப்ட் குறைந்தது 46 முறை ஏறியிருக்கிறது. அந்த மெமரி எந்தப் பக்கத்தில் செலவாகிறதோ அந்த டேப்பின் கணக்கில்தான் எழுதப்படும். சாப்பிட்டவர் ஒருவர், பில் இன்னொருவர் பெயரில்.

சரி, 13 பேரில் யார் சாப்பிட்டது? `chrome://extensions` பக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த எழுத்துப் பக்கத்தை மட்டும் சோதனைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஆன் செய்தேன். ஒவ்வொரு முறையும் பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தில் பழைய நிலைதான் நீடிக்கும். ரீலோட் செய்த உடனே எண்ணைப் படிக்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டால் அடங்கும். பத்து எம்பிக்குள் வரும் வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை, அது தானாகவே ஏறி இறங்கும். முக்கால் மணி நேரத்தில் நான்கு பேர் சிக்கினார்கள்: ஆங்கில இலக்கணம் திருத்துவது, எல்லாப் பக்கத்தையும் கறுப்பாக்கும் டார்க் மோடு, தள்ளுபடிக் கூப்பன் தேடுவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. மற்ற ஒன்பதும் சேர்ந்து செய்த வேலை சொற்பம்.

நான்கையும் நீக்கிவிடலாம் என்றுதான் கை போகும். இலக்கணத் திருத்தி இல்லாமல் மெயில் எழுத முடியாது என்றார் அவர். நீக்கவும் தேவையில்லை. எக்ஸ்டென்ஷனின் `Details` பக்கத்துக்குள் போனால், அது எந்தத் தளங்களில் நுழையலாம் என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. `On click`, `On specific sites`, `On all sites` என்று மூன்று தேர்வுகள். இலக்கணத் திருத்திக்கு இரண்டாவதைத் தேர்ந்து, அவருடைய மெயில் தளத்தை மட்டும் கொடுத்தேன். ஸ்கிரீன்ஷாட்டுக்கு `On click`, அதாவது ஐகானைத் தொட்டால் மட்டும் விழிக்கும். கூப்பன் தேடியை யார் போட்டது என்றே அவருக்குத் தெரியவில்லை, அது போயிற்று. டார்க் மோடையும் எடுத்துவிட்டோம். அவர் அன்றாடம் பார்க்கும் தளங்களில் பாதிக்கு மேல் அந்த வசதி தளத்திலேயே இருந்தது.

இந்த மாற்றத்தில் மெமரி மட்டும் மிச்சமில்லை. எல்லாப் பக்கங்களிலும் நுழையும் எக்ஸ்டென்ஷன் அங்கே நீங்கள் தட்டச்சு செய்வதைப் படிக்கவும் முடியும். ஒரு கணக்காளரின் கணினியில், அவருடைய வாடிக்கையாளர்களின் விவரங்கள் திறந்து கிடக்கும் டேப்களில், யார் போட்டதென்றே தெரியாத கூப்பன் தேடி உட்கார்ந்திருந்தது எனக்கு ரேமைவிடப் பெரிய கவலை.

இரண்டு வகைகளை மட்டும் நான் தொடுவதில்லை. ஒன்று பாஸ்வேர்ட் மேலாளர். அதை `On click` ஆக்கினால் லாகின் பக்கங்களில் தானாக நிரப்பாது, அடுத்த நாளே போன் வரும். இன்னொன்று விளம்பரத் தடுப்பான். அதுவும் எல்லாப் பக்கத்திலும் நுழைவதுதான், ஆனாலும் அதன் கணக்கு நேர்மாறு. ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளியான 2018-இல், குரோம் 67-ஆம் பதிப்பிலிருந்து, ஒரு பக்கத்துக்குள் வேறு தளத்திலிருந்து வரும் சட்டம் ஒவ்வொன்றும் அந்தத் தளத்துக்குரிய தனிப் பிராசஸில், அதாவது தனக்கென்று மெமரி பிடித்துக்கொள்ளும் தனி ஓட்டமாக, ஓடுகிறது. இந்தப் பாதுகாப்புக்காக மெமரி 10 முதல் 13 விழுக்காடு வரை கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. விளம்பரம் நெருக்கியடித்த செய்திப் பக்கம் ஒன்றைத் தடுப்பான் இல்லாமல் திறந்து Shift+Esc பட்டியலைப் பாருங்கள், `Subframe:` என்று வரிசையாக நிற்கும். தடுப்பான் தான் பிடிப்பதைவிட அதிகத்தை விடுவித்துவிடுகிறது.

எக்ஸ்டென்ஷன் வேலை முடிந்து பிரவுசரை மறுபடி திறந்ததும், அதே 46 டேப்களோடு, 4.1 ஜிபி. டேப்புக்கு நூறு என்று 46-ஆல் பெருக்கினால் இன்னும் அதிகம் குறைந்திருக்க வேண்டும். அப்படிப் பெருக்கக் கூடாது. ஒரே தளத்தின் டேப்கள் சில சமயம் ஒரே பிராசஸைப் பகிர்ந்துகொள்ளும்.

அடுத்தது டேப்கள். “மூடுங்க சார்” என்று நான் சொல்வதில்லை, சொல்லிப் பயனும் இல்லை. குரோமிலேயே Memory Saver இருக்கிறது. `chrome://settings/performance` பக்கத்தில் ஆன் செய்தால், கொஞ்ச நேரம் தொடாத டேப்பை மெமரியிலிருந்து இறக்கிவிடும். தலைப்பு மேலே அப்படியே இருக்கும், தொட்டால் பக்கம் மறுபடி ஏறும். இவருடைய கணினியில் அது முன்பே ஆனில்தான் இருந்தது. ஆனாலும் வேலை செய்யவில்லை.

ஏனென்று பார்த்தால், முக்கியமான 19 டேப்களை Pin கொடுத்து, அதாவது வரிசையின் தொடக்கத்தில் நிலையாகக் குத்தி, பின் செய்து வைத்திருந்தார். பின் செய்தால் டேப் சின்னதாகிவிடுகிறது, அதனால் பாரமும் குறையும் என்று நினைத்தாராம். உண்மை நேரெதிர். பின் செய்த டேப்பை Memory Saver தொடவே தொடாது. பாட்டோ வீடியோவோ ஓடுவது, பதிவிறக்கம் நடப்பது, படிவம் பாதி நிரப்பிக் கிடப்பது, நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்தது, இவற்றையும் விட்டுவிடும். படிவத்தை விட்டுவைப்பது நல்லதுதான், தட்டியது அழிந்துபோகாது. நோட்டிஃபிகேஷன்தான் வீண். எந்தத் தளம் கேட்டாலும் Allow கொடுத்துவந்ததால், படித்து முடித்த செய்தித் தளங்கள்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தன. 19 பின்னை மூன்றாகக் குறைத்தோம், நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை மெயிலுக்கு மட்டும் விட்டோம். மதிய உணவு முடிந்து வந்து பார்க்கையில் 2.6 ஜிபி.

டேப்களைத் தூங்கவைக்கும் தனி எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. அவற்றை இனிமேல் போடாதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் இந்த வகையில் மிகப் பிரபலமானது. அதை உருவாக்கியவர் வேறொருவர் கைக்கு மாற்றிக் கொடுத்த பிறகு, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. தூங்கவைத்திருந்த டேப்கள் அந்த எக்ஸ்டென்ஷனின் முகவரிக்குள் இருந்ததால் பலருக்கு அவையும் சேர்ந்து மறைந்துபோயின.

எட்ஜிலும் Shift+Esc உண்டு, டேப் தூக்கத்துக்கு அங்கே Sleeping tabs என்று பெயர். ஃபயர்பாக்ஸில் `about:processes` என்று முகவரிப் பட்டையில் தட்டினால் பட்டியல் வரும், `about:unloads` பக்கத்தில் டேப்களை நாமே இறக்கிவிடலாம்.

பத்து நாள் கழித்து அந்தக் கணக்காளரிடமிருந்து போன். “தம்பி, நீங்க எடுத்த கூப்பன் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கு.” வைரஸ் என்றே முடிவு கட்டியிருந்தார். வீட்டிலிருக்கும் இன்னொரு கணினியில் அவர் மகள் அதே கணக்கில் லாகின் செய்து, கூப்பன் தேடியை மறுபடி போட்டிருக்கிறாள். சின்க் ஆனில் இருந்தால் ஓர் இடத்தில் போடும் எக்ஸ்டென்ஷன் அதே கணக்கில் இருக்கும் மற்றக் கணினிகளுக்கும் தானாகப் போய்ச் சேரும். மகளுக்குத் தனி புரொஃபைல் உருவாக்கிக் கொடுக்கச் சொன்னேன். அப்புறம் எத்தனை டேப் திறந்திருக்கிறது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு 51 என்றார்.